மலேசியச் சட்டத்தில் குற்றமில்லை, பணம் மட்டும் நியூயார்க்கில் நிற்கிறது

2024 மே மாதம் அமெரிக்கக் கருவூலத் துறையின் உயர் அதிகாரிகள் மலேசியாவுக்கு வந்தபோது, ஈரானிய எண்ணெய் விற்பனை பேச்சில் முக்கிய இடம்பிடித்தது. அவர்களைச் சந்தித்த பிறகு உள்துறை அமைச்சர் சைஃபுடின் நாசுத்தியோன் மலேசியாவின் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொன்னார்: ஐநா பாதுகாப்பு மன்றம் விதிக்கும் தடைகளை மலேசியா ஏற்கும், தனி நாடு ஒன்று தன் விருப்பப்படி விதிக்கும் தடைகளை ஏற்காது. சட்டப்படி இது சரியான நிலைப்பாடு. ஆனால் பிறையிலோ ஷா ஆலாமிலோ ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம் இந்த வாக்கியத்தை மட்டும் நம்பி டாலரில் இன்வாய்ஸ் போட்டால், பணம் வந்து சேராமல் போகலாம். சில ஆண்டுகள் கழித்து வாஷிங்டனிலிருந்து கடிதமும் வரலாம்.

காரணம், இங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இந்தத் தடை மலேசியாவில் செல்லுமா என்பது ஒன்று. என் பணம் எந்த வழியாக வருகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் புத்ராஜெயா பதில் சொல்கிறது. இரண்டாவதற்குப் பதில் நியூயார்க்கில் இருக்கும் ஒரு வங்கிக் கணக்கில் இருக்கிறது. தடை விதித்த நாடும் தடைக்கு ஆளான நாடும் அல்லாத மூன்றாம் நாட்டு நிறுவனங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

ஐநா சாசனத்தின் 41-ஆவது பிரிவு பாதுகாப்பு மன்றத்துக்குப் பொருளாதாரத் தடை விதிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. 25-ஆவது பிரிவு அம்மன்றத்தின் முடிவுகளை உறுப்பு நாடுகள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது. மலேசியா இதைப் பணமோசடித் தடுப்புச் சட்டம் 2001, வியூக வணிகச் சட்டம் 2010 ஆகியவற்றின் வழியாக உள்நாட்டுச் சட்டமாக்கியிருக்கிறது. எனவே ஐநா பட்டியலில் உள்ளவரோடும் நம் உள்துறை அமைச்சின் பட்டியலில் உள்ளவரோடும் வியாபாரம் செய்தால் அது மலேசியாவிலேயே குற்றம். அமெரிக்காவின் பட்டியலில் மட்டும் உள்ளவரோடு செய்வது இங்கே குற்றமல்ல.

அதற்காக ஒருதலைத் தடை என்றாலே அனைத்துலகச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட முடியாது. நம் மேடைகளில் அடிக்கடி அப்படித்தான் சொல்லப்படுகிறது, ஆனால் 1986-இல் அனைத்துலக நீதிமன்றம் நிகராகுவா வழக்கில் சொன்னது வேறு. அமெரிக்கா நிகராகுவாவுக்கு அளித்து வந்த உதவியை நிறுத்தியது, சர்க்கரை ஒதுக்கீட்டைப் பெருமளவு வெட்டியது, 1985-இல் முழு வணிகத் தடையும் விதித்தது. இவை பிற நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற வழமைச் சட்டத்தை மீறியதாகக் கருத முடியாது என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், அந்த வணிகத் தடை இரு நாடுகளும் 1956-இல் செய்துகொண்ட நட்புறவு ஒப்பந்தத்தை மீறியது என்றும் சொன்னது. ஆக, ஒரு நாடு இன்னொரு நாட்டோடு வியாபாரம் செய்ய மறுப்பது பொதுவாக அதன் உரிமை. வியாபாரம் செய்வேன் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் அந்த உரிமை சுருங்குகிறது. 2018 அக்டோபரில் ஈரான் தொடுத்த வழக்கிலும் 1955-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை வைத்துத்தான் மருந்து, உணவு, விமானப் பாதுகாப்பு உதிரிப்பாகங்கள் போன்றவற்றைத் தடுக்கக் கூடாது என்ற இடைக்கால உத்தரவு கிடைத்தது. அந்த உத்தரவு வந்த அன்றே அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.

சிக்கல் தொடங்குவது மூன்றாம் நாட்டவரைத் தொடும்போது. ஒரு நாடு தன் அதிகாரத்தை இன்னொரு நாட்டின் மண்ணில் செலுத்த முடியாது என்பது 1927-ஆம் ஆண்டு லோட்டஸ் வழக்கிலிருந்தே நிலைபெற்ற விதி. அமெரிக்கா இதை இரண்டு வழிகளில் கடக்கிறது. ஒன்று, பரிவர்த்தனையில் ஏதோ ஓர் அமெரிக்கத் தொடர்பைக் கண்டுபிடித்து, செயலின் ஒரு பகுதி தன் மண்ணில் நடந்தது என்பது. மற்றொன்று, எந்தத் தொடர்பும் இல்லாதபோதும், எங்கள் எதிரியோடு பெரிய அளவில் வியாபாரம் செய்தால் எங்கள் சந்தையில் உனக்கு இடமில்லை என்பது. இந்த இரண்டாவதற்கு இரண்டாம் நிலைத் தடை என்று பெயர். வெளிநாட்டவரை நாங்கள் தண்டிக்கவில்லை, எங்கள் கதவைத்தான் மூடுகிறோம் என்பது அவர்கள் வாதம். உலக வணிகத்தின் பெரும்பகுதி அந்தக் கதவு வழியாகப் போகும்போது, அதை மூடுவதாக மிரட்டி மூன்றாம் நாட்டின் சட்டபூர்வ வியாபாரத்தை நிறுத்துவது நியாயமானதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது சட்டவிரோதம் என்று தீர்த்துச் சொல்லும் அனைத்துலகத் தீர்ப்பு எதுவும் இல்லை. நிறுவனங்கள் அந்த நிச்சயமின்மைக்குள்தான் இயங்க வேண்டியிருக்கிறது.

டாலர் போகும் பாதை

முதல் வழியைப் புரிந்துகொள்ள ஒரு பணப்பரிமாற்றத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். பிறையில் தொழிற்சாலை வால்வுகள் விற்கும் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துபாயில் உள்ள ஒரு வணிக நிறுவனம் 180,000 டாலருக்கு ஆர்டர் கொடுக்கிறது. பணம் பத்துத் தவணைகளாக வரும். சரக்கு பட்டர்வொர்த்தில் கப்பலேறி ஜெபல் அலிக்குப் போகிறது. அங்கிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸுக்குப் போகும் என்று விற்பனை மேலாளருக்குத் தெரியும். விற்பவர் மலேசியர், வாங்குபவர் துபாய்க்காரர், பொருளில் அமெரிக்கப் பாகம் எதுவும் இல்லை.

ஆனால் விலை டாலரில். துபாய் வங்கியிடமும் கோலாலம்பூர் வங்கியிடமும் இருக்கும் டாலர் உண்மையில் துபாயிலோ கோலாலம்பூரிலோ இருப்பதில்லை. ஒவ்வொரு வங்கியும் நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கியிடம் டாலர் கணக்கு வைத்திருக்கிறது. அதை நோஸ்ட்ரோ கணக்கு என்பார்கள், அந்த நியூயார்க் வங்கியைத் தொடர்பு வங்கி என்பார்கள். துபாய் வங்கி பணம் அனுப்பும்போது அதன் தொடர்பு வங்கி தன் ஏட்டில் பற்று எழுதி, சிப்ஸ் அல்லது ஃபெட்வயர் என்ற அமைப்பின் வழியாக மலேசிய வங்கியின் தொடர்பு வங்கிக்கு மாற்றுகிறது. அந்த வங்கி வரவு எழுதுகிறது. பிறகுதான் கோலாலம்பூர் வங்கி நம் நிறுவனத்தின் கணக்கில் பணத்தைப் போடுகிறது. நியூயார்க்கில் இதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆனால் அந்தக் கணத்தில் இரண்டு அமெரிக்க வங்கிகள் ஈரானுக்குப் பயன்படும் ஒரு வியாபாரத்துக்கு நிதிச் சேவை செய்துவிட்டன. அது அமெரிக்கச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது.

முன்பெல்லாம் வங்கிகளுக்கிடையேயான பணப்பரிமாற்றச் செய்தியில் யார் யாருக்கு அனுப்புகிறார் என்பது தெரியாது. 2009 நவம்பரில் எம்டி 202 கவ் என்ற செய்தி வடிவம் வந்த பிறகு, அனுப்புநரும் பெறுநரும் நியூயார்க் வங்கியின் கண்ணில் படுகிறார்கள். கணினி வடிகட்டி அந்தப் பெயர்களையும் முகவரிகளையும் பட்டியலோடு ஒப்பிடுகிறது.

அமெரிக்க வங்கி அறியாமல் செய்ததற்கு நாம் எப்படிப் பொறுப்பு என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு சிறிய சொல் முழு வேலையையும் செய்கிறது. அவசரகால அனைத்துலகப் பொருளாதார அதிகாரச் சட்டம் 1977, அதாவது ஐஈபா, 2007-இல் திருத்தப்பட்டது. தடையை மீறுவதோடு, மீறல் நடக்கக் காரணமாவதும் குற்றமானது. காரணமானவர் அமெரிக்கராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. பிறை நிறுவனம் தானாக எந்த அமெரிக்கத் தடையையும் மீறவில்லை, நியூயார்க் வங்கியை மீறவைத்தது என்பதே குற்றச்சாட்டு.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை 2017 ஜூலையில் சிங்கப்பூர் கண்டது. சிஎஸ்இ குளோபல் நிறுவனமும் அதன் துணை நிறுவனமான சிஎஸ்இ டிரான்ஸ்டெல்லும், கருவூலத் துறையின் தடை அமலாக்கப் பிரிவான ஒஃபாக்கோடு 12,027,066 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. டிரான்ஸ்டெல் 2010, 2011 ஆண்டுகளில் ஈரானிய எரிசக்தித் திட்டங்களுக்குத் தொலைத்தொடர்புக் கருவிகள் பொருத்த ஒப்பந்தம் எடுத்திருந்தது. 2012-இல் அதன் சிங்கப்பூர் வங்கிக்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் போனது. ஈரான் தொடர்பான எந்தப் பரிவர்த்தனையையும் உங்கள் வங்கி வழியாக அனுப்ப மாட்டோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு 2012 ஜூனிலிருந்து 2013 மார்ச் வரை அதே கணக்கிலிருந்து 104 டாலர் பரிமாற்றங்கள் போயின. மொத்தம் 11 மில்லியன் டாலருக்கு மேல். அந்த ஒப்பந்தங்களுக்காக வேலை செய்த துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் கொடுத்த தொகை அது. எந்தச் செய்தியிலும் ஈரான் என்ற சொல் இல்லை. கட்டிய தொகை அனுப்பிய தொகையைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கடிதம் இல்லாதிருந்தால் நிலைமை இவ்வளவு மோசமாகியிருக்குமா என்பது சந்தேகமே. தெரிந்தே செய்தார்கள் என்பதற்கு அவர்கள் கையெழுத்தே சான்றாகிவிட்டது.

தாய்லாந்தின் எஸ்சிஜி பிளாஸ்டிக்ஸ் வழக்கும் இதே வகை. ஈரானில் கூட்டு முயற்சியாக இயங்கிய ஓர் ஆலையின் பாலிஎத்திலீன் பிசினை அது விற்றது. 467 பரிமாற்றங்களில் 291 மில்லியன் டாலர் அமெரிக்க வங்கிகளைக் கடந்து வந்தது. கப்பல் ஆவணங்களில் பொருளின் பிறப்பிடம் ‘மத்திய கிழக்கு’ என்று எழுதப்பட்டிருந்தது. 2024 ஏப்ரலில் 20 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. பொய் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னோம் என்று ஆவணம் தயாரிக்கும் கிராணி நினைக்கலாம். விசாரணையில் அது மறைப்பாகத்தான் படிக்கப்படும்.

அபராதக் கணக்கு

2025-இல் அறிவிக்கப்பட்ட அளவுப்படி, ஐஈபாவின் கீழ் ஒவ்வொரு மீறலுக்கும் உச்ச அபராதம் 377,700 டாலர், அல்லது பரிவர்த்தனைத் தொகையின் இரு மடங்கு. இவற்றில் எது பெரிதோ அது. பலருக்குத் தெரியாத விஷயம், ஒவ்வொரு பரிமாற்றமும் தனி மீறலாக எண்ணப்படும் என்பது. நம் பிறை நிறுவனம் 180,000 டாலரையும் ஒரே தவணையாகப் பெற்றிருந்தால் இரு மடங்கு 360,000, அது 377,700-ஐவிடக் குறைவு, எனவே உச்ச வரம்பு 377,700. பத்துத் தவணையாகப் பெற்றால் ஒவ்வொரு தவணையும் 18,000 டாலர்தான், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் உச்ச வரம்பு அதே 377,700. மொத்தம் 3,777,000. கவனத்தை ஈர்க்காமல் இருக்கட்டும் என்று தொகையைப் பிரித்து அனுப்பச் சொல்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பதில்லை. பிரித்த செயலே மறைக்கும் நோக்கத்துக்குச் சான்றாவது தனி.

உச்ச வரம்பு அப்படியே விதிக்கப்படுவதில்லை. ஒஃபாக்கின் வழிகாட்டு விதிகள் இரண்டு விஷயங்களைப் பார்க்கின்றன: மீறல் மோசமான வகையா, நிறுவனம் தானாக முன்வந்து சொன்னதா. மோசமான வகை, தானாகச் சொல்லவில்லை என்றால் கணக்கு உச்ச வரம்பிலிருந்தே தொடங்கும். மோசமற்ற வகை, தானாகச் சொன்னது என்றால் பரிவர்த்தனைத் தொகையில் பாதியிலிருந்து தொடங்கும். நம் உதாரணத்தில் 3,777,000-க்கும் 90,000-க்கும் இடையிலான வித்தியாசம் அது. தொடர்பு தெரிந்தும் செய்தார்களா, மேலிடத்துக்குத் தெரியுமா, ஆவணங்களை மறைத்தார்களா என்பவைதான் இந்த வகைப்பாட்டைத் தீர்மானிக்கின்றன.

காலவரம்பும் நீண்டுவிட்டது. 2024 ஏப்ரல் 24 முதல் இவ்வழக்குகளுக்கான கெடு 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்ந்தது. மலேசிய நிறுவனச் சட்டம் 2016 கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. எட்டாம் ஆண்டில் கேள்வி வந்தால், குற்றமற்றவர் என்று காட்டும் இன்வாய்ஸும் கப்பல் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கும் ஏற்கெனவே அழிக்கப்பட்டிருக்கும். டாலரில் ஏற்றுமதி செய்பவர் 10 ஆண்டுக் கோப்பு வைத்திருப்பது நல்லது.

கட்டாமல் இருந்தால் என்ன?

நியாயமான கேள்வி. அமெரிக்க அபராதத்தை மலேசிய நீதிமன்றம் வசூலித்துத் தராது. பிற நாட்டின் தண்டனைச் சட்டத்தை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் நிறைவேற்றாது என்பது பொதுச் சட்டத்தின் பழைய விதி. வெளிநாட்டுத் தீர்ப்புகளை நிறைவேற்றும் நம் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் வரியையும் அபராதத்தையும் விலக்கிவைக்கிறது. அதன் நாடுகள் பட்டியலில் அமெரிக்காவே இல்லை.

குற்றவியல் பாதை மட்டும் வேறு. கோலாலம்பூரில் வசித்து வந்த ஒரு வட கொரியர்மீது அமெரிக்கா பணமோசடிக் குற்றம் சாட்டி நாடுகடத்தக் கேட்டது. அமெரிக்க நிதியமைப்பு வழியாகப் பணம் நகர்த்தியதாகக் குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். 2021 மார்ச்சில் கூட்டரசு நீதிமன்றம் அவர் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததும் அவர் அனுப்பப்பட்டார். வட கொரியா மலேசியாவுடனான தூதரக உறவையே துண்டித்தது. அமெரிக்கத் தடையை மீறுவது மலேசியாவில் குற்றமல்ல, ஆனால் பணமோசடி இங்கேயும் குற்றம்.

சாதாரண வணிக வழக்கில் நிறுவனங்கள் கட்டிவிடுவதற்குக் காரணம் நீதிமன்றமல்ல. சமரசம் செய்யாத நிறுவனம் எஸ்டிஎன் பட்டியல் எனப்படும் கறுப்புப் பட்டியலில் ஏற்றப்படலாம். ஏறியதும் அதன் பெயர் உலகெங்கும் உள்ள வங்கிகளின் வடிகட்டிகளுக்குள் போய்விடும். பட்டியலில் உள்ளவர்களுக்கு 50 விழுக்காடு அல்லது அதற்குமேல் சொந்தமான நிறுவனங்களும், பெயர் தனியாக எழுதப்படாவிட்டாலும், பட்டியலில் உள்ளதாகவே கருதப்படும். வங்கிகளுக்கும் இதே அச்சம் உண்டு. 2023 டிசம்பர் 22-இல் வெளியான 14114 எண் ஆணை, ரஷ்யாவின் இராணுவத் தொழிலுக்கு உதவும் பரிவர்த்தனைகளைக் கையாளும் வெளிநாட்டு வங்கிகளின் நியூயார்க் கணக்கையே மூட வழிசெய்தது. ஒரு வாடிக்கையாளரின் சில ஆயிரம் டாலர் வியாபாரத்துக்காக எந்த வங்கியும் அந்தக் கணக்கைப் பணயம் வைக்காது. சந்தேகம் வந்ததும் வாடிக்கையாளரின் கணக்கை மூடிவிடும், காரணமும் சொல்லாது. மலேசியாவில் சட்டப்படி நடந்த வியாபாரத்துக்கு மலேசிய வங்கியே தடை போடுவது இப்படித்தான்.

டாலரை விட்டு ரிங்கிட்டிலோ யுவானிலோ வாங்கினால் தப்பலாமா? நியூயார்க் தொடர்பு அறுந்துவிடும், ‘காரணமாதல்’ குற்றச்சாட்டு பெரும்பாலும் விழுந்துவிடும். ஆனால் அமெரிக்கத் தொழில்நுட்பம் கலந்த பொருள் என்றால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருளோடு கூடவே வரும். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிலுக்கு இதுதான் பெரிய கவலை. இரண்டாம் நிலைத் தடைக்கோ நாணயம் ஒரு பொருட்டே அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 1996-லேயே தடுப்புச் சட்டம் இயற்றி, குறிப்பிட்ட அமெரிக்கத் தடைகளுக்கு ஐரோப்பிய நிறுவனங்கள் பணியக் கூடாது என்றது. 2018-இல் அதில் ஈரான் தடைகளையும் சேர்த்தது. ஆனாலும் டோட்டல் நிறுவனம் அதே ஆண்டு ஈரானின் சவுத் பார்ஸ் எரிவாயுத் திட்டத்தை விட்டு வெளியேறியது. டாலரைத் தவிர்க்க ஐரோப்பியர்கள் அமைத்த இன்ஸ்டெக்ஸ் 2020-இல் ஒரே ஒரு பரிவர்த்தனையை முடித்து, 2023-இல் கலைக்கப்பட்டது. மலேசியாவில் அப்படியொரு தடுப்புச் சட்டம்கூட இல்லை.

‘ஐநா மட்டும்’ என்ற கோடும் முன்போல் தெளிவாக இல்லை. 2025 செப்டம்பர் இறுதியில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி தூண்டிய ஸ்நாப்பேக் நடைமுறைப்படி ஈரான்மீதான பழைய ஐநா தடைகள் திரும்பி வந்தன. ரஷ்யாவும் சீனாவும் அது செல்லாது என்கின்றன. அதே ஆண்டு ஜூலையில் மலேசியாவே, அமெரிக்கத் தயாரிப்பான உயர்திறன் ஏஐ சில்லுகளை ஏற்றுமதி செய்யவும் இடைமாற்றவும் வியூக வணிக அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. அக்டோபர் 26-இல் கோலாலம்பூரில் அமெரிக்காவுடன் கையெழுத்தான பரஸ்பர வணிக ஒப்பந்தத்தின் 5.1 பிரிவு, அமெரிக்கா தன் பாதுகாப்பு நலனுக்காக ஒரு நாட்டின்மீது எடுக்கும் வணிகக் கட்டுப்பாட்டுக்கு ஒத்த நடவடிக்கையை மலேசியாவும் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. நாடாளுமன்றத்தில் அது கடும் விவாதமானது நியாயமே. ஒருதலைத் தடை நம் நாட்டுச் சட்டமாக மாறும் வாசல் அது.

பணம் வரவில்லை என்றால்

துபாய் வங்கி ‘அனுப்பிவிட்டோம்’ என்கிறது, நம் வங்கி ‘வரவில்லை’ என்கிறது, மூன்று நான்கு வேலை நாள்கள் கழிந்துவிட்டன. வாங்குபவரிடம் செலுத்தற்செய்தியின் நகலும் யுஇடிஆர் எனப்படும் 36 எழுத்துத் தடமறி எண்ணும் கேளுங்கள். அந்த எண்ணை வைத்து நம் வங்கி, பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும்.

நியூயார்க்கில் நிற்கிறது என்றால் மூன்றில் ஒன்று. முதலாவது, விளக்கம் கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், சுங்கத்தின் கே2 ஏற்றுமதிப் படிவம், இறுதிப் பயனாளர் யார் என்ற கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். எல்லாவற்றிலும் பெயரும் அளவும் துறைமுகமும் ஒத்துப்போக வேண்டும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். சரக்கு எங்கே போகிறது என்று உறுதியாகத் தெரியாமல் ‘ஈரானுக்கு அல்ல’ என்று எழுதுவது, டிரான்ஸ்டெல் கொடுத்த கடிதத்தைப் போலப் பின்னால் உங்களுக்கே எதிராக நிற்கும். இரண்டாவது, நிராகரித்துவிட்டார்கள். பணம் அனுப்பியவருக்கே திரும்பும், நமக்கு இழப்பு கப்பலேறிய சரக்கு மட்டும். மூன்றாவதுதான் கொடியது. பட்டியலில் உள்ள ஒருவருக்கு அந்தப் பணத்தில் பங்கு இருப்பதாகக் கருதினால் அதை முடக்கி, வட்டி தரும் தனிக் கணக்கில் போட்டு, 10 வேலை நாளுக்குள் ஒஃபாக்குக்கு அறிவிப்பார்கள். அந்தப் பணம் நமக்கும் வராது, வாங்குபவருக்கும் திரும்பாது. ஒஃபாக்கிடம் உரிமம் வாங்கினால்தான் வெளியே வரும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நிராகரிப்பா முடக்கமா என்பதை வங்கியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். இரண்டும் ‘ஹோல்ட்’ என்றே வாய்மொழியில் சொல்லப்படுகின்றன.

இத்தனைக்கும் முன்னால் ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்கத் தடை மலேசியாவில் சட்டமல்ல என்பதால், ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 57-ஆவது பிரிவை, அதாவது செயல் சட்டவிரோதமானால் ஒப்பந்தம் செல்லாது என்ற விதியை, அமெரிக்கத் தடைக்குப் பயன்படுத்துவது கடினம். தப்ப வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே வாசகம் வேண்டும். அந்த வாசகம் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதை இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. இரண்டும் மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுவார்கள்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் எம்யுஆர் ஷிப்பிங் வழக்கில் தீர்ப்பளித்தது. கப்பல் வாடகை டாலரில் என்று ஒப்பந்தம். 2018-இல் வாடகைக்கு எடுத்தவரின் தாய் நிறுவனத்தின்மீது அமெரிக்கத் தடை விழுந்தது. டாலர் தாமதமாகும் என்பதால் யூரோவில் தருகிறோம், மாற்றுச் செலவையும் ஏற்கிறோம் என்றார்கள் அவர்கள். கப்பல் உரிமையாளர் மறுத்தார். மறுத்தது சரி என்றது நீதிமன்றம், ஒப்பந்தத்தில் இல்லாத நாணயத்தை ஏற்க யாரையும் வற்புறுத்த முடியாது என்று. எனவே டாலர் தடைப்பட்டால் ரிங்கிட்டிலோ யூரோவிலோ வாங்கிக்கொள்ளும் உரிமை வேண்டுமென்றால் அதை முதல் நாளே எழுதி, எந்தத் தேதியின் எந்த மாற்று விகிதம் என்பதையும் குறித்துவிட வேண்டும்.

சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2023-ஆம் ஆண்டு குவேரா வழக்கு, விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி உறுதியளிக்கும் எல்.சி. பற்றியது. எல்.சி.யை உறுதிசெய்த ஜேபி மோர்கன் வங்கி, சரக்கு ஏற்றிய கப்பல் சிரியாவோடு தொடர்புடையதாகத் தன் உள்பட்டியலில் இருந்ததால், தடை வாசகத்தைக் காட்டிப் பணம் தர மறுத்தது. அந்தக் கப்பல் ஒஃபாக் பட்டியலில் இல்லை. வங்கியின் சந்தேகமோ அதன் உள்பட்டியலோ போதாது, தடைச் சட்டம் உண்மையிலேயே பொருந்துகிறது என்று காட்ட வேண்டும் என்று சொல்லி, நீதிமன்றம் விற்பவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உங்கள் எல்.சி.யில் ‘வங்கியின் கொள்கைப்படி’, ‘வங்கியின் தனி முடிவின்படி’ போன்ற சொற்கள் இருந்தால் இந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு கரைந்துபோகலாம். சரக்கு ஏற்றுவதற்கு முன்பே அச்சொற்களை நீக்கித் திருத்தம் கேளுங்கள். எந்த நாட்டின் எந்தத் தடைச் சட்டம் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வங்கி மறுத்தால், முன்பணமாக எவ்வளவு வாங்குவது என்பதைச் சரக்கு கிடங்கை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.